ஊரில் ஒரே ஒரு ஆலை

2022இல் திருச்சியில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். அப்போது நான் திருவாரூர் மாவட்டத்தில், அரசுடைமை வங்கி ஒன்றின் கிளையில் வேளாண் அலுவலராக ஆறாவது வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தது ஒரு தனியார் நிறுவனம், நாலைந்து மாவட்டங்களின் விவசாயக் கடனைப் பார்த்துக்கொள்ளும் பதவிக்கு. ரெசூமேயோடு, நான் கையாண்ட கடன்களின் ஒரு பக்கப் பட்டியலையும் எடுத்துப் போயிருந்தேன். பெயர், கணக்கு எண் எதுவும் அதில் கிடையாது. அந்த அளவுக்குப் பொறுப்பாகத்தான் இருந்தேன் என்பது என் நினைப்பு.

எதிரில் இருந்தவர் கும்பகோணத்துக்காரர். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தவர், கடைசி வரியில் விரலை வைத்து, "மேடம், இது இந்தக் குடும்பத்து ஆலைதானே?" என்று ஒரு பெயரைச் சொன்னார். சரியான பெயர்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளைக்கு எங்க பட்டியலும் இப்படித்தானே வெளியே போகும்" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிடத்தில் நேர்காணல் முடிந்துவிட்டது.

நான் எழுதியிருந்தது இதுதான். (எண்களை இங்கே மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கு மட்டும் அதேதான்.) கிசான் கிரெடிட் கார்டு, அதாவது கேசிசி, பயிர்க்கடன் 900 கணக்கு, 9.4 கோடி. விவசாய நகைக்கடன் 480 கணக்கு, 6.1 கோடி. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 70, 2.3 கோடி. டிராக்டர் 14, 70 லட்சம். நவீன அரிசி ஆலை 1, 2.6 கோடி. மொத்தம் 1,465 கணக்கு, 21.1 கோடி.

அந்தக் கடைசி வரிதான் வினை. சென்னையில் "ஒரு உணவுப்பொருள் ஆலை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் கிளைக்கு உட்பட்ட பத்துப் பன்னிரண்டு கிராமங்களில் அந்த இரண்டு மூன்று வருடத்தில் புதிதாக எழும்பிய நவீன ஆலை ஒன்றே ஒன்று. பேருந்தில் போகிறவர் எல்லாம் அதன் புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். டெல்டாவில் யாருக்கு எத்தனை வேலி நிலம், யார் வீட்டு வயல் மடத்து நிலம், யார் குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்பதெல்லாம் டீக்கடை வரைக்கும் தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரியாதது கடன் தொகை ஒன்றுதான். அதைத்தான் நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, அந்த வரியை நீக்கியது. அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று மன்னார்குடியில் இருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கணக்கில் புலி. பேனாவை எடுத்து நான்கு வரிகளையும் கூட்டினார். 18.5 கோடி வந்தது. கீழே மொத்தம் 21.1 என்றே இருந்தது. "பாக்கி 2.6 எங்கம்மா போச்சு? கழித்துப் பார்க்கத் தெரியாதவனா பேங்கிலே ஆள் எடுக்கிறான்?" என்றார்.

சரி, ஆலையையும் டிராக்டரையும் சேர்த்து "முதலீட்டுக் கடன் 15 கணக்கு, 3.3 கோடி" என்று போடலாமே என்று கேட்டேன். அதையும் அவர் விடவில்லை. பதினைந்து கணக்குக்கு 3.3 கோடி என்றால் சராசரி 22 லட்சம். சாதாரண டிராக்டர் கடன் அந்த அளவுக்கு வராது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். அப்படியானால் அதற்குள் ஒரு பெரிய கடன் உட்கார்ந்திருக்கிறது. டிராக்டருக்குத் தோராயமாக ஐந்து லட்சம் என்று வைத்து 14ஆல் பெருக்கிக் கழித்தால் ஆலைத் தொகை ஏறக்குறைய வந்துவிடும். ஒரு தொகுப்பில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அதில் ஒரே கணக்கு பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், அந்தத் தொகுப்பின் எண் அந்த ஒருவரின் எண்தான்.

கடைசியில் முடிவு செய்தது எளியது. ஆலையை அடியோடு விட்டுவிட்டேன், மொத்தத்திலிருந்தும். "பெரிய தனிக்கடன்கள் நீங்கலாக, 18 கோடிக்கு மேல், ஏறத்தாழ 1,400 கணக்குகள், பாதிக்குச் சற்று மேல் பயிர்க்கடன், மூன்றில் ஒரு பங்கு நகைக்கடன், மீதி சுய உதவிக் குழுக்களும் இயந்திரக் கடன்களும்." அவ்வளவுதான். 2.6 கோடி குறைந்துபோகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் பெரிய கடன் கையாண்ட அனுபவம் உண்டா என்று நேரில் கேட்டால், "உண்டு, ஒரு கோடிக்கு மேலான நடைமுறை மூலதனக் கடனுக்கு மதிப்பீடு செய்து மேல் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன தொழில், எந்த ஊர், எந்த வருடம் என்ற மூன்றில் எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் கேட்டார். அது ரகசியம் சம்பந்தப்பட்டது இல்லை, நாணயம் சம்பந்தப்பட்டது. "இந்த 18 கோடி உன்னுதா, கிளையோடதா?"

யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் வருவதற்கு முன்பே இருந்த கடன். பயிர்க்கடன் வருடா வருடம் கட்டிப் புதுப்பிக்கப்படுவது. காலையில் அசலும் வட்டியும் கட்டுவார், அன்றே அல்லது மறுநாளே அதே தொகையை எடுத்துக்கொள்வார். அது கிளையின் புள்ளிவிவரத்தில் அந்த வருடத்துப் பட்டுவாடாவாகச் சேர்ந்துவிடும். "ஒரு வருடத்தில் 9 கோடி பயிர்க்கடன் வழங்கினேன்" என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. தொழில் தெரிந்தவர் உடனே, "இதில் புதுக் கணக்கு எத்தனை?" என்று கேட்பார். அங்கே தடுமாறினால் மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

தேதியும் முக்கியம். எங்கள் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். நெல் பணம் கைக்கு வந்ததும் நகையைத் திருப்புவார்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்காக மறுபடி நகை உள்ளே வரும். ஆகவே ஒரே கிளையின் நகைக்கடன் நிலுவை மாசியில் ஒன்று, ஆடியில் ஒன்று. நான் மார்ச் 31 நிலுவையைத்தான் எழுதினேன். எழுதும்போதே "மார்ச் 31 நிலுவை, கிளையின் விவசாயக் கடன் முழுவதும், இதில் என் காலத்தில் புதிதாகத் தொடங்கியவை சுமார் மூன்றில் ஒரு பங்கு" என்று பிரித்துச் சொல்லிவிட்டேன். எண் சிறுத்துப் போனாலும் அடுத்த கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது? முதல் தடவை நான் செய்தது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கிளைக் கணினியில் இருந்த எக்செல் அறிக்கையை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பெயர் இருந்த பத்திகளை அழித்தேன். அழித்தது வீட்டில். அதற்கு முன்பே 1,465 பேரின் விவரமும் வெளியே போய்விட்டது. வேலையில் சேரும்போது நாங்கள் எல்லோரும் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 1970ஆம் வருடத்து வங்கி தேசியமயச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த மின்னஞ்சலை அழித்தேன், குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். அழித்தால் மட்டும் அனுப்பாததாக ஆகிவிடாது. கிளை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டிவிட்டு, மண்டல அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை எக்செல் பக்கமே போகவில்லை. வருடா வருடம் நாமே எழுதிக் கொடுக்கிற சுய மதிப்பீட்டில் இலக்கு எவ்வளவு, அடைந்தது எவ்வளவு என்று மொத்தமாகத்தான் இருக்கும். அவற்றில் எந்தெந்த மொத்தத்தை வெளியே சொல்லலாம் என்று மேலாளரிடம் கேட்டு, நினைவிலிருந்து முழு எண்ணாக எழுதிக்கொண்டேன். சந்தையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கிளை எண் தேவையே இல்லை. நபார்டு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் போடும் கடன் திட்ட அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் அதைப் படித்துவிட்டுப் போனால் "உங்க மாவட்டத்தில் எதற்குக் கடன் தேவை அதிகம்?" என்பதற்கு யாருடைய ரகசியத்தையும் தொடாமல் பதில் சொல்லலாம்.

அடுத்தது கடன் திட்டங்களைப் பற்றிய அறிவு. இதைக் காட்டத்தான் பலரும் உண்மைக் கதைக்குள் இறங்குகிறார்கள். "எங்க கிளையிலே ஒருத்தர், கோயில் நிலம் குத்தகைக்கு வெச்சிருந்தார்..." என்று தொடங்கினால் நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நான் ஒரு கற்பனை விவசாயியைத் தயார் செய்துகொண்டேன். நிலம் 15 மா, அதாவது சுமார் 5 ஏக்கர். பயிர் சம்பா மட்டும். ஏக்கருக்கான கடன் அளவு கணக்குக்காக 40,000 ரூபாய். உண்மையில் அதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு வருடா வருடம் பயிர்வாரியாக நிர்ணயிக்கும்.

ஐந்து ஏக்கருக்கு 2,00,000. அறுவடைக்குப் பிந்திய செலவு, வீட்டுச் செலவு என்று 10 சதம், 20,000. பண்ணைக் கருவி, மோட்டார் பராமரிப்புக்கு 20 சதம், 40,000. ஆக முதல் வருட வரம்பு 2,60,000, பயிர்க் காப்பீட்டு பிரீமியம் தனி. கேசிசி ஐந்து வருடத்துக்குப் போடப்படுவது, செலவு ஏற்றத்துக்காக வருடம் 10 சதம் கூட்ட வேண்டும். இரண்டாம் வருடம் 2,86,000, மூன்றாம் வருடம் 3,14,600, இப்படியே போய் ஐந்தாம் வருடம் சுமார் 3.81 லட்சம். ஆவணங்களை இந்தக் கடைசித் தொகைக்கு வாங்க வேண்டும், எடுக்க அனுமதிப்பது மட்டும் அந்தந்த வருடத்து வரம்பு. புதிதாக வந்தவர்கள் 2.6 லட்சத்துக்கே ஆவணம் வாங்கிவிட்டு மறு வருடம் திண்டாடுவார்கள்.

இதற்குள்ளேயே கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றாம் வருடத்தில் வரம்பு 3 லட்சத்தைத் தாண்டுகிறது. 7 சத வட்டியும், ஒழுங்காகக் கட்டினால் கிடைக்கும் 3 சதத் தள்ளுபடியும் 3 லட்சம் வரைதான், மேலே உள்ள 14,600க்கு வங்கியின் சாதாரண வட்டி. அடமானம் இல்லாமல் கொடுக்கும் எல்லை அப்போது 1.6 லட்சம், 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம். இந்த விவசாயிக்கு எப்படிப் பார்த்தாலும் பிணையம் வேண்டும். அவரே குத்தகைதாரராக இருந்தால் அடமானம் வைக்க நிலம் அவருடையது இல்லை. அப்போது என்ன செய்வாய்? கூட்டுப் பொறுப்புக் குழு வழியாகப் போகலாம், தனிக்கடனாக என்றால் அடமானம் தேவைப்படாத எல்லைக்குள் சுருக்கலாம். இவ்வளவையும் ஒரே ஆளை வைத்துப் பேசிவிடலாம். அந்த ஆள் எங்கும் இல்லாததால் யாருக்கும் சங்கடம் இல்லை.

இரண்டாவது நேர்காணல் தஞ்சாவூரில், வேறொரு நிறுவனம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க 15 மாக்காரர் தவணையன்று கட்டலை. எப்போ வாராக்கடன்?" என்றார். தொண்ணூறு நாள் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மற்ற கடன்களுக்கு அது சரி. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு, தவணைக்குப் பின் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். ஒரு வருடத்துக்கு மேல் போகும் நீண்டகாலப் பயிருக்கு ஒரு பருவம். பருவம் எது என்பதை மாநில அளவில் வங்கியாளர் குழு முடிவு செய்யும்.

"உங்க கிளையிலே வாராக்கடன் எவ்வளவு?" என்றும் கேட்டார். இது இரண்டு பக்கமும் வெட்டும் கேள்வி. கிளையின் சதவீதம் வங்கியின் உள்விவரம், சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் மறைக்கிறோம் என்று தோன்றும். "சரியான சதவீதம் சொல்ல எனக்கு அனுமதியில்லை மேடம். நான் புதிதாகக் கொடுத்த பயிர்க்கடனில் பெரும்பகுதி ஒழுங்காக வருகிறது. அதில் என் சாமர்த்தியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு பல கடன்கள் மறுசீரமைக்கப்பட்டன, அதனாலும் அவை வாராக்கடன் ஆகவில்லை" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஒழுங்குமுறைப் பக்கம்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. தணிக்கை அறிக்கையைக் காட்ட முடியாது. கிளைக்குக் கிடைத்த மதிப்பெண்ணையும் காட்ட முடியாது. பிறகு எதைக் காட்டுவது? கையில் தாளாகக் காட்ட எனக்கு இருந்தவை இரண்டே. வங்கியாளர் பயிற்சி நிறுவனமான ஐஐபிஎஃப் நடத்தும் தேர்வில் வாங்கிய கேஒய்சி, பணமோசடித் தடுப்புச் சான்றிதழ் ஒன்று. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று மற்றொன்று; முறைப்படி விண்ணப்பித்து வங்கியிலேயே வாங்கியது. மின்னஞ்சல் விஷயத்தில் எழுத்து மூலம் எச்சரிக்கை வந்திருந்தது, கேட்டால் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டார்கள், சொன்னேன்.

தாளை விட அதிகம் உதவியது, நான் சரிசெய்த ஒரு குறையைப் பற்றிய பேச்சு. கேசிசி வரம்பு ஐந்து வருடம். புரோநோட்டின் காலவரம்போ மூன்றே வருடம். அது முடிவதற்குள் கடனாளி நிலுவையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், காலாவதியான பிறகு வாங்கும் வெறும் ஒப்புகைக்கு உயிர் கிடையாது. நான் சேர்ந்த புதிதில் பல கோப்புகள் அந்த விளிம்பில் நின்றன. ஆவணத் தேதிவாரியாக ஒரு பதிவேடு போட்டு, இரண்டே முக்கால் வருடம் ஆனவற்றைத் தனியாக எடுத்தேன். கடிதம் அனுப்பினால் யாரும் வருவதில்லை. தை, மாசியில் நெல் பணத்தோடு நகை திருப்ப வருகிறவர்களைப் பார்த்து, கவுண்டரிலேயே கோப்பை எடுத்து வைத்துக் கையெழுத்து வாங்கத் தொடங்கினோம். இரண்டு அறுவடையில் விளிம்பில் நின்றவை ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. எத்தனை கோப்பு, யாருடையது என்று நான் சொல்லவும் இல்லை, அந்த அம்மாள் கேட்கவும் இல்லை. பதிவேட்டில் என்னென்ன பத்திகள் போட்டேன் என்று மட்டும் விவரமாகக் கேட்டார்.

பிறகு வந்தது எதிர்பாராத கேள்வி. "சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை எத்தனை அனுப்பியிருக்கீங்க?"

எண்ணைச் சொன்னால் திறமைசாலி என்று தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அப்படி ஓர் அறிக்கை போனது என்பதே வெளியே தெரியக்கூடாதது. சின்ன ஊர்க் கிளையில் "இரண்டு" என்று சொன்னாலே, யார் யார் என்று ஊகிக்க ஆள் இருக்கிறது. "அதைப் பற்றிப் பேசக்கூடாது மேடம். எதையெல்லாம் பார்த்துச் சந்தேகப்படுவேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்" என்றேன். விவசாய வருமானம் என்று சொல்லப்படுகிற கணக்கில் அறுவடைக் காலத்துக்குச் சம்பந்தமில்லாத மாதத்தில் ரொக்கம் விழுவது, பதிவு செய்துள்ள நிலத்தின் விளைச்சலுக்கு மீறிய தொகை வருவது, பான் எண் தேவைப்படும் 50,000க்குச் சற்றுக் கீழே துண்டு துண்டாகக் கட்டுவது என்று மூன்றைச் சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது, "உங்க பழைய கஸ்டமர் எத்தனை பேர் நம்ம பக்கம் வருவாங்க?" என்றார் பக்கத்தில் அதுவரை பேசாமல் இருந்த இளைஞர். "நான் கூட்டிக்கொண்டு வர மாட்டேன் சார். பக்கத்துக் கிராமங்களில் புதிதாகத் தேடலாம்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அந்த அம்மாள் மட்டும் என் ஒரு பக்கத் தாளை மறுபடி எடுத்து, "பெரிய தனிக்கடன்கள் நீங்கலாக" என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, "இதை ஏன் விட்டீங்க?" என்றார்.

"ஊரில் ஒண்ணுதான் மேடம் இருக்கு" என்றேன்.

சிரித்துவிட்டு, எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.